மூன்று புள்ளிகளின் வழியே ஒரு தளம்: வகுத்துச் சுருக்கும் முன்

A(2, 1, 3), B(4, −1, 2), C(3, 3, 7) என்று மூன்று புள்ளிகள் இருக்கின்றன. இவற்றின் வழியே செல்லும் தளத்தின் சமன்பாடு வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் படித்தவர்களுக்கு இதற்கு இரண்டு வழிகள் நினைவுக்கு வரும்: ஒன்று வெக்டர்களின் குறுக்குப் பெருக்கல், மற்றொன்று அணிக்கோவை. இரண்டையும் தனித்தனிச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வில் எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதைப் போடுவதுதான் வழக்கம். உண்மையில் இவை இரண்டு வழிகள் அல்ல. ஒரே கணக்கை எழுதும் இரண்டு விதங்கள். விடையாக வரும் சமன்பாட்டில் எந்த வேறுபாடும் இராது. ஆனால் அந்தக் கணக்கின் நடுவில் ஒரு வெக்டர் பிறக்கிறது. அதைப் பொதுக் காரணியால் வகுத்துச் சுருக்கி, சமன்பாட்டை அழகாக எழுதும் அவசரத்தில், விடையை எவ்வளவு நம்பலாம் என்று அந்த வெக்டர் சொல்லிக்கொண்டிருந்த செய்தியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம். வகுக்கும் முன் அதைப் படிக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் கணக்கைச் செய்துவிடுவோம். ஒரு தளத்தை முழுமையாகச் சொல்ல அதன் மேல் ஒரு புள்ளியும், அதற்குச் செங்குத்தான ஒரு வெக்டரும் போதும். புள்ளிக்குக் குறைவில்லை; மூன்று இருக்கின்றன. செங்குத்து வெக்டரைத்தான் தேட வேண்டும். A-யிலிருந்து B-க்கும் A-யிலிருந்து C-க்கும் செல்லும் வெக்டர்கள் தளத்திலேயே கிடப்பவை. ஆகவே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் செங்குத்தாக நிற்கும் வெக்டர் தளத்துக்கே செங்குத்து. இரண்டு வெக்டர்களை வாங்கிக்கொண்டு இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவதைத் தருவதுதான் குறுக்குப் பெருக்கலின் வேலை.

```
AB = B − A = (2, −2, −1)
AC = C − A = (1, 2, 4)

n = AB × AC
x-கூறு: (−2)(4) − (−1)(2) = −6
y-கூறு: (−1)(1) − (2)(4)  = −9
z-கூறு: (2)(2) − (−2)(1)  =  6
```

n = (−6, −9, 6) என்று கிடைக்கிறது. தளத்தில் உள்ள எந்தப் புள்ளி (x, y, z)-ஐ எடுத்தாலும், A-யிலிருந்து அதற்குச் செல்லும் வெக்டர் n-க்குச் செங்குத்து. இரண்டின் புள்ளிப் பெருக்கல் பூச்சியம். எனவே −6(x − 2) − 9(y − 1) + 6(z − 3) = 0. விரித்து −3-ஆல் வகுத்தால் 2x + 3y − 2z = 1. எல்லாப் பாடநூல்களும் இந்த இடத்தில் விடைக்கு அடிக்கோடு போட்டுவிடும். நாம் −3-ஐ இன்னும் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு வேலை இருக்கிறது.

இதையே அணிக்கோவையாக எழுதினால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். A-யிலிருந்து (x, y, z)-க்குச் செல்லும் வெக்டர், AB, AC ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் கிடக்க வேண்டும். மூன்று வெக்டர்களை விளிம்புகளாக வைத்து ஓர் இணைகரத் திண்மம் கட்டினால் அதன் கனஅளவைத் தருவது அவற்றின் திசையிலி முப்பெருக்கல், அதாவது அந்த மூன்றையும் நிரைகளாகக் கொண்ட அணிக்கோவை. மூன்றும் ஒரே தளத்தில் கிடந்தால் பெட்டி தட்டையாகிவிடும், கனஅளவு பூச்சியம்.

```
| x−2   y−1   z−3 |
|  2    −2    −1  |  =  0
|  1     2     4  |
```

முதல் நிரையைக் கொண்டு விரித்தால் (x − 2)-இன் இணைக்காரணி −6, (y − 1)-இன் இணைக்காரணி −9, (z − 3)-இன் இணைக்காரணி 6. குறுக்குப் பெருக்கலில் வந்த அதே மூன்று எண்கள், அதே குறிகளோடு. இது தற்செயல் அல்ல. குறுக்குப் பெருக்கலை நினைவில் வைக்க முதல் நிரையில் i, j, k எழுதுகிறோமே, அந்த இடத்தில் x − 2, y − 1, z − 3 என்று எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான் மாற்றம். இந்தச் சேர்க்கை இன்றைய பொருளில் வழங்கும் வெக்டர் என்ற சொல்லை விடவும் பழையது. 1773-இல் லக்ராஞ்சு நான்முகிகளை ஆராய்ந்தபோதே, இன்று குறுக்குப் பெருக்கலின் கூறுகள் என்று நாம் சொல்லும் கோவைகளை ஆயத்தொலைவுகளாக எழுதிப் பயன்படுத்தினார். அவற்றைத் தனியொரு பெருக்கலாகப் பிரித்து இன்றைய வடிவில் பரப்பியது கிப்ஸின் வெக்டர் பாடம். அது நூறாண்டுக்கு மேல் பிந்தையது.

மூன்று புள்ளிகளையும் கழிக்காமல் அப்படியே எழுதும் நான்கு நிரை அணிக்கோவையும் உண்டு. அதுதான் பார்வைக்கு மிக அழகானது. புள்ளிகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றின் கடைசியிலும் 1 போட்டால் முடிந்தது.

```
| x   y   z   1 |
| 2   1   3   1 |
| 4  −1   2   1 |  =  0
| 3   3   7   1 |
```

இரண்டாம் நிரையை மற்ற மூன்றிலிருந்தும் கழித்தால் அந்த மூன்றின் கடைசி நிரலிலும் பூச்சியம் வந்துவிடும். கடைசி நிரலைக் கொண்டு விரித்தால் மேலே கண்ட மூன்று நிரை அணிக்கோவையே மிஞ்சும். அதாவது, நாம் A-யைக் கழித்து முன்கூட்டிச் செய்த வேலையை இது பின்னால் செய்யச் சொல்கிறது. கழிக்காமல் நேராக விரித்தாலும் −6x − 9y + 6z + 3 = 0 என்றே வரும். அந்தப் பழைய −3 காரணி இங்கும் மாறாமல் நிற்பதைக் கவனியுங்கள்.

ஒரே வரியில் முடியும் இந்த வடிவத்தை விட்டுவிட்டு ஏன் கழித்துப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஒரு வரி எழுதுவதற்கு மட்டும்தான் ஒரு வரி. விரிக்கும்போது நான்கு மூன்று நிரை அணிக்கோவைகளை மதிப்பிட வேண்டும். குறிகள் மாறி மாறி வரும். குறுக்குப் பெருக்கலில் ஆறு பெருக்கல்கள், பிறகு மாறிலிக்கு மூன்று, ஆக ஒன்பதில் எல்லாம் முடிகிறது. எண்கள் பெரியவையாக இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். நில அளவையில் வரும் ஆயத்தொலைவுகள் பல லட்சம் மீட்டர்களாக இருக்கும், சென்னையின் யு.டி.எம். வடக்குத் தொலைவே 14 லட்சத்துக்கு மேல். புள்ளிகளுக்கிடையே உள்ள தூரமோ சில பத்து மீட்டர்கள். நான்கு நிரை வடிவத்தை அப்படியே விரித்தால் பிரம்மாண்டமான பெருக்கற்பலன்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துச் சில ஆயிரம் அளவுள்ள ஓர் எண்ணைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஏழு இலக்கத் துல்லியத்தில் கணக்கிடும் நிரலில் அந்தப் பெருக்கற்பலன்களின் பிழையே பத்தாயிரக்கணக்கில் போய்விடும். விடை அதில் மூழ்கிவிடும். முதலில் கழித்துவிட்டால் இந்தத் தொல்லை பிறக்கவே பிறக்காது. ஆகவே நான்கு நிரை அணிக்கோவையைப் புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளலாம். வேலைக்குக் குறுக்குப் பெருக்கலே நல்லது.

மூன்றாவதாக ஒரு வழியைச் சொல்பவர்களும் உண்டு: தளத்தின் சமன்பாடு ax + by + cz = 1 என்று வைத்து, மூன்று புள்ளிகளையும் பிரதியிட்டு, மூன்று சமன்பாடுகளைத் தீர்த்தால் போதாதா? நம் உதாரணத்தில் போதும்; a = 2, b = 3, c = −2 என்று ஒழுங்காகவே வரும். ஆனால் (1, 2, 3), (2, 0, 2), (3, 2, 5) என்ற புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். கிடைக்கும் சமன்பாடுகள் a + 2b + 3c = 1, 2a + 2c = 1, 3a + 2b + 5c = 1. முதல் இரண்டையும் கூட்டினால் 3a + 2b + 5c = 2; மூன்றாவதோ அதையே 1 என்கிறது. தீர்வு இல்லை. தளமும் இல்லை என்று முடிவு கட்டினால் தவறு. குறுக்குப் பெருக்கல் (−4, −4, 4) என்ற வெக்டரைத் தருகிறது; தளம் x + y − z = 0. குற்றம் வலப்பக்கத்தில் 1 எழுதியதில் இருக்கிறது. ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் தளத்துக்கு வலப்பக்கம் பூச்சியமாகத்தான் இருக்க முடியும். அதை 1 என்று முன்கூட்டியே பூட்டிவிட்டோம்.

இதே புள்ளிகள் இன்னொரு குழப்பத்தையும் வெளிக்கொண்டுவருகின்றன. மூன்று புள்ளிகளின் ஆயத்தொலைவுகளையே நிரைகளாக எழுதினால் அந்த அணிக்கோவை இங்கே பூச்சியம். மூன்றாம் நிரை முதல் இரண்டின் கூடுதல். இருபரிமாணத்தில் ஒன்றுகளோடு எழுதிய மூன்று நிரை அணிக்கோவை பூச்சியமானால் புள்ளிகள் ஒரே கோட்டில் அமைகின்றன என்று படித்த பழக்கத்தில், இங்கேயும் அப்படியே சொல்லிவிடத் தோன்றும். முப்பரிமாணத்தில் அந்தப் பூச்சியத்துக்குப் பொருள் வேறு: மூன்று புள்ளிகளும் ஆதிப்புள்ளியும் ஒரே தளத்தில் இருக்கின்றன என்பது மட்டுமே. ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதைச் சொல்லும் சோதனை ஒன்றுதான்: n-இன் மூன்று கூறுகளும் பூச்சியமாகின்றனவா? (1, 2, 3), (3, 3, 5), (7, 5, 9) புள்ளிகளுக்கு AB = (2, 1, 2), AC = (6, 3, 6); ஒன்று மற்றொன்றின் மூன்று மடங்கு, n பூச்சிய வெக்டர். அணிக்கோவை வழியில் போயிருந்தால் 0 = 0 என்று முடிந்திருக்கும். கணக்கில் எங்கோ தவறிவிட்டோம் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள் பலர். தவறு இல்லை; ஒரு கோட்டைச் சுற்றிப் புத்தகத்தின் தாள்களைப் போல எண்ணற்ற தளங்கள் நிற்கின்றன, எதையும் தனியாகக் குறிக்க முடியாது என்பதையே 0 = 0 சொல்கிறது.

இனி, விடையைச் சரிபார்ப்பது. பெரும்பாலான பிழைகள் y-கூறின் குறியில் நேர்பவை. நம் உதாரணத்தில் அந்தக் குறியை மாற்றிப் போட்டு n-ஐ (−6, 9, 6) என்று எடுத்தவர், A-யைப் பயன்படுத்தி −2x + 3y + 2z = 5 என்ற சமன்பாட்டை எழுதுவார். பிறகு A-யைப் பிரதியிட்டுப் பார்த்து, −4 + 3 + 6 = 5, சரி என்று நிம்மதியாகிவிடுவார். அந்தச் சோதனையால் பயன் எதுவும் இல்லை. மாறிலியையே A-யை வைத்துத்தான் கண்டோம். n எவ்வளவு தவறாக இருந்தாலும் A பொருந்தியே தீரும். B-யைப் பிரதியிட்டால் −8 − 3 + 4 = −7; பிழை உடனே வெளிப்படும்.

n-ஐ AB, AC இரண்டோடும் புள்ளிப் பெருக்கல் செய்து பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கமே. குறிப்பிழைகளை அது பிடித்துவிடும். ஆனால் அதற்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. AB-யின் கடைசிக் கூறை 2 − 3 = 1 என்று தவறாகக் கழித்துவிட்டோம் என்று வையுங்கள். அப்போது n = (−10, −7, 6). தவறான AB-யோடு புள்ளிப் பெருக்கல் −20 + 14 + 6 = 0; AC-யோடு −10 − 14 + 24 = 0. இரண்டு சோதனையும் தேறிவிட்டன, விடை மட்டும் தவறு. ஏனென்றால் தவறான வெக்டருக்கு n உண்மையாகவே செங்குத்துதான். மூலப் புள்ளிகளுக்குத் திரும்பிப் போனால்தான் குட்டு உடையும்: −10x − 7y + 6z என்ற கோவை A-யில் −9, B-யில் −21. ஆகவே இறுதிச் சமன்பாட்டில் B, C இரண்டையும் கொடுக்கப்பட்டபடியே பிரதியிடுங்கள். இரண்டும் பொருந்தி, n பூச்சியமாகவும் இல்லாமல், மூன்றும் ஒரே கோட்டிலும் இல்லையென்றால், வேறு சோதனை தேவையே இல்லை. மூன்று புள்ளிகளையும் தொடும் தளம் ஒன்றுதான் இருக்க முடியும், அதை எழுதிவிட்டோம். 2x + 3y − 2z என்ற கோவை B-யில் 8 − 3 − 4 = 1, C-யில் 6 + 9 − 14 = 1. சரி.

B-யையும் C-யையும் இடம் மாற்றினால் n-இன் குறி முழுவதும் மாறும். சமன்பாட்டை −1-ஆல் பெருக்கியதாக ஆகுமே தவிர, தளம் அதேதான். கணினி வரைகலையில் முக்கோணத்தின் முன்முகம் எது என்பதை முனைகளின் வரிசையே தீர்மானிக்கும் என்பதால் அங்கே மட்டும் இந்தக் குறியைக் காக்க வேண்டும்.

இப்போது எடுத்துவைத்த −3-க்கு வருவோம். n = (−6, −9, 6) என்ற வெக்டரின் நீளம் √(36 + 81 + 36) = √153, ஏறத்தாழ 12.37. AB, AC-யை விளிம்புகளாகக் கொண்ட இணைகரத்தின் பரப்பு இது. ABC முக்கோணத்தின் பரப்பு இதில் பாதி, 6.18. கூறுகளுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. முக்கோணத்தின் நிழலை yz தளத்தில் நேராக விழச் செய்தால் அதன் பரப்பு 3. x-கூறின் அளவான 6-இல் பாதி. zx தளத்தில் 4.5, xy தளத்தில் 3. நான்கு நிரை அணிக்கோவையில் கடைசியாக வந்த 3 என்ற மாறிலிக்கும் அப்படியே: ஆதிப்புள்ளியையும் A, B, C-யையும் முனைகளாகக் கொண்ட நான்முகியின் கனஅளவைப் போல அது ஆறு மடங்கு, நான்முகி 0.5. சுருக்கிய 2x + 3y − 2z = 1 என்ற சமன்பாட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. தளம் எங்கே இருக்கிறது என்பது அதில் இருக்கிறது. அந்தத் தளத்தை எந்த முக்கோணத்திலிருந்து பெற்றோம் என்பது அழிந்துவிட்டது.

தேர்வுத் தாளில் இது ஓர் இழப்பு அல்லவே என்று சொல்லலாம். முழு எண்களாகக் கொடுக்கப்பட்ட புள்ளிகளுக்கு அந்த எதிர்வாதம் சரிதான். அங்கே n பூச்சியமா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. அளந்து எடுத்த புள்ளிகளுக்கு அது செல்லாது. அளவில் எப்போதும் கொஞ்சம் பிழை உண்டு; அந்தப் பிழையைத் தளத்தின் சாய்வு எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்வது முக்கோணத்தின் வடிவம். A(0, 0, 0), B(10, 0, 0), C(5, 0.1, 0) என்று மூன்று புள்ளிகளை எடுப்போம், அலகு மீட்டர். n = (0, 0, 1); தளம் z = 0, கிடைமட்டம். சமன்பாட்டைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது C-யின் உயரத்தில் மட்டும் 10 சென்டிமீட்டர் பிழை நேர்ந்து அது (5, 0.1, 0.1) என்று பதிவானதாக வையுங்கள். n = (0, −1, 1). கிடைமட்டமாக இருந்த தளம் 45° சாய்ந்துவிட்டது. அதே 10 சென்டிமீட்டர் பிழை C(5, 8, 0) என்ற புள்ளியில் நேர்ந்திருந்தால் n = (0, −1, 80); சாய்வு ஏறத்தாழ 0.7° மட்டுமே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை n-இன் நீளமே முன்கூட்டிச் சொல்லியிருக்கும். அந்த நீளத்தை முக்கோணத்தின் மிக நீண்ட பக்கத்தால் வகுத்தால் கிடைப்பது மிகச் சிறிய குத்துயரம். முதல் முக்கோணத்தில் அது 1 ÷ 10 = 0.1 மீட்டர்; பிழையும் 0.1 மீட்டர். பிழையும் குத்துயரமும் சமமாக இருக்கும்போது தளம் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவதில் மூன்று பக்கங்களும் ஏறத்தாழச் சமம். மிகச் சிறிய குத்துயரமே 80 ÷ 10 = 8 மீட்டர், பிழையைப் போல எண்பது மடங்கு. பிழையைக் குத்துயரத்தால் வகுத்தால் வருவதுதான் சாய்வில் நேரக்கூடிய தவறின் தோராயம், ஆரையனில். 57-ஆல் பெருக்கினால் பாகையாகிவிடும். n பூச்சியமா என்று மட்டும் கேட்கும் நிரல் முதல் முக்கோணத்தை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். n-இன் நீளத்தை மட்டும் ஒரு வரம்போடு ஒப்பிடும் நிரலும் ஏமாறும், ஏனென்றால் மீட்டரை மில்லிமீட்டராக மாற்றினாலே அந்த நீளம் பத்து லட்சம் மடங்காகிவிடும். குத்துயரத்தை அளவுப் பிழையோடு ஒப்பிட்டால்தான் அலகு எதுவானாலும் விடை மாறாது.

குத்துயரம் போதவில்லை என்று தெரிந்தால் செய்ய வேண்டியது, அதே மூன்று புள்ளிகளை இன்னும் நுட்பமாகக் கணக்கிடுவது அல்ல. இலக்கங்களைக் கூட்டுவதால் முக்கோணம் அகலமாகாது. நீண்ட பக்கத்தின் இரு முனைகளையும் வைத்துக்கொண்டு, மூன்றாவது புள்ளியை அந்தக் கோட்டிலிருந்து விலகி, முடிந்தால் அந்தப் பக்கத்தின் நீளத்துக்கு ஈடான தூரத்தில், புதிதாக எடுக்க வேண்டும்.